தலைப்பில் எம்.ஓ.யு., உள்ளே கிரைய ஒப்பந்தம்

போன வருடம் திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒருவர், இரண்டு முத்திரைத்தாள்களைக் கையில் சுருட்டிக்கொண்டு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். காங்கயம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. 10 லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்துத் தோப்புக்காரரிடமிருந்து போன் வந்திருக்கிறது: "நாம் எழுதியது வெறும் எம்.ஓ.யு.தானுங்க. அது யாரையும் கட்டுப்படுத்தாது. உங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்." விசாரித்தால், அதே தோப்புக்கு ஏக்கருக்குப் பத்து லட்சம் கூடுதலாகத் தர இன்னொருவர் தயாராக இருப்பதாகப் புரோக்கர் சொல்லியிருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எம்.ஓ.யு. என்றால் கட்டுப்படுத்தாது என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் ஆழமாக ஊறியிருக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அது வசதி. பதிவுக் கட்டணம் இல்லை, வில்லங்கச் சான்றில் ஏறாது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். அதனால் கிரைய ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய எல்லாவற்றையும் எழுதிவிட்டு, தலைப்பில் மட்டும் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று போட்டுவிடுகிறார்கள். சட்டத்தில் எம்.ஓ.யு. என்று தனியாக ஒரு ஆவண வகையே கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் தலைப்பைப் பார்ப்பதில்லை. இன்ன சொத்து, இன்ன விலை, இன்னார் விற்க இன்னார் வாங்குகிறார் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்களா, கட்டுப்படும் எண்ணத்தோடுதான் கையெழுத்திட்டார்களா என்றுதான் பார்க்கிறது.

அந்த இரண்டு தாள்களை விரித்துப் படித்தேன். சர்வே எண் இருந்தது, நான்கெல்லை இருந்தது. 'சுமார் 2 ஏக்கர் 40 சென்ட்' என்றும், ஏக்கர் 50 லட்சம் வீதம் சர்வேயர் அளந்து வரும் அளவுக்குக் கணக்கிட்டுப் பணம் தருவது என்றும் எழுதியிருந்தது. மொத்த விலையைக் குறிப்பிடவில்லை என்பது குறையாகாது. அளந்தால் விலை தெரிந்துவிடும். நிச்சயமாக்கிக்கொள்ள வழியுள்ள நிபந்தனையைத் தெளிவற்றது என்று சட்டம் தள்ளுவதில்லை. ஆறு மாதக் கெடுவும் இருந்தது.

சிக்கல் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. 'விற்பவர் தம் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் பெற்ற பின், இரு தரப்பாரும் முறையான கிரைய ஒப்பந்தம் எழுதிக்கொள்வது.' தோப்புக்காரரின் வக்கீல் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஒப்பந்தம் போடுவதற்கான ஒப்பந்தம் செல்லாது என்பது அவர் வாதம். அந்த விதி உண்மைதான். விலையையோ அளவையோ பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தால் நானும் கட்சிக்காரரிடம் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். ஆனால் 1968இல் கொல்லிப்பர ஸ்ரீராமுலு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. முக்கிய நிபந்தனைகள் முடிவாகிவிட்டால், பின்னால் முறையாக எழுதிக்கொள்வோம் என்ற ஒரு வரி மட்டும் பேரத்தைக் கட்டுப்படுத்தாததாக ஆக்கிவிடாது. எழுதாவிட்டால் பேரமே இல்லை என்று இருவரும் கருதினார்களா, அல்லது முடிந்த பேரத்தை நல்ல தாளில் எழுதிக்கொள்ளத்தான் நினைத்தார்களா என்பதுதான் கேள்வி. இங்கே பின்னால் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"அப்படியானால் நாம் ஜெயித்துவிட்டோமா?" என்றார் கட்சிக்காரர். இல்லை. இதற்குப் பிறகுதான் எம்.ஓ.யு.வுக்கும் பதிவு செய்த ஒப்பந்தத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வருகிறது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். உள்ளடக்கத்தில் விற்பனை ஒப்பந்தமாக இருக்கும் எம்.ஓ.யு.வும் அதில் அடங்கும். பதிவு செய்யாவிட்டால் தாள் குப்பையாகிவிடுமா என்றால், ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தத்தையும் ஏற்றதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, விற்பவர் மீது வழக்குப் போட அந்தத் தாள் போதும்.

மூன்றாமவர் வந்துவிட்டால்தான் அது போதாது. விற்பனை ஒப்பந்தம், பதிவு செய்ததே ஆனாலும், சொத்தில் எந்த உரிமையையும் தருவதில்லை. அது விற்பவர் மீதான ஒரு பிடி, அவ்வளவுதான். இடையில் இன்னொருவர் முழு விலை கொடுத்து, முதல் பேரம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு கிரையம் பெற்றுவிட்டால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் அவரைக் காப்பாற்றுகிறது. ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அவர் தெரியாது என்று சொல்ல முடியாது, வில்லங்கச் சான்றில் இருக்கிறதே. எம்.ஓ.யு. நம் பீரோவில் அல்லவா இருக்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கத்து வழக்கொன்றில் இப்படித்தான் என் கட்சிக்காரருக்கு நிலம் போனது. வட்டியோடு அட்வான்ஸ் வாங்கவே நான்கு வருடம் ஆனது.

ஆகவே முதல் வேலையாக அன்றே வில்லங்கச் சான்று எடுத்தோம். கிரையம் இன்னும் ஆகவில்லை. விற்பவருக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸின் நகலை, புரோக்கர் வழியாகத் தெரிந்துகொண்ட அந்த இரண்டாவது நபருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்த பிறகு, முதல் பேரம் தெரியாது என்று அவர் எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது. அவர் ஒதுங்கிக்கொண்டார்.

நோட்டீஸில் இன்னொன்றையும் எழுதினேன். மீதித் தொகை தயாராக இருக்கிறது, கிரையம் பெறத் தயார் என்று. அலங்காரத்துக்காக எழுதுவதல்ல இது. வாங்குபவர் தம் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிக்காவிட்டால் வழக்கு நிற்காது. வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டால் "எல்லாம் வீட்டில் இருக்கிறதுங்க" என்று சொல்பவர்கள் இங்கே அதிகம். இவர் அப்படிச் சொல்லவில்லை. அட்வான்ஸும் வங்கி வழியாகவே போயிருந்தது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். அது விழுவது பணத்தை வாங்கிய விற்பவர் தலையில் என்பது பல தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துப் பலவீனமும் ஒன்று உண்டு: தோப்புக்காரரின் தங்கை. அது அப்பா காலத்துச் சொத்து. எம்.ஓ.யு.வில் தங்கை கையெழுத்திடவில்லை. அண்ணன் எழுதிக்கொடுத்தது தங்கையின் பங்கைக் கட்டுப்படுத்தாது. வழக்கில் ஜெயித்தாலும் அண்ணன் பங்குதான் கிடைக்கும், பிறகு பாகப்பிரிவினை வழக்கு என்று இன்னொரு பத்து வருடம் ஓடும். இதை அப்படியே கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். பெருமாநல்லூரில் இருந்த அந்தத் தங்கையை அவரே மனைவியோடு போய்ப் பார்த்தார். அந்த அம்மாளின் குறையெல்லாம், அண்ணன் விலையைத் தன்னிடம் மறைத்தார் என்பதுதான். அவர் பங்குக்கான தொகையை அவர் பெயரிலேயே டிடியாகத் தருவதாகச் சொன்னதும் சம்மதித்தார். விடுதலைப் பத்திரம் தேவைப்படவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்தே கிரைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இம்முறை அதைப் பதிவு செய்தோம்.

சர்வேயர் அளந்தபோது தோப்பு 2 ஏக்கர் 31 சென்ட்தான் இருந்தது. ஒன்பது சென்ட், பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும் வண்டிப் பாதையில் போயிருந்தது. ஒரு கோடியே 20 லட்சம் எதிர்பார்த்த தோப்புக்காரருக்கு ஒரு கோடியே 15 லட்சத்து 50 ஆயிரம்தான் கணக்கு வந்தது. 'அளந்து வரும் அளவுக்கு' என்ற வரியைக் காட்டினேன். "அதுதான் எம்.ஓ.யு. ஆயிற்றே" என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். பதிவான ஒப்பந்தத்திலும் அதே வரி இருப்பதைத் தங்கைதான் எடுத்துச் சொன்னார்.