பாரலல் ஸ்ட்ரக்சர்: பட்டியலுக்குள் ஒத்த அமைப்பு

'ஷி லைக்ஸ் சிங்கிங், டு டான்ஸ் அண்ட் ரீடிங்.' இந்த ஆங்கில வாக்கியத்தைப் படிப்பவருக்குப் பொருள் புரியாமல் போகாது. அவளுக்கு மூன்று விஷயங்கள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஆங்கில ஆசிரியர் நடுவில் உள்ள 'டு டான்ஸ்' மீது சுழித்துவிட்டு, ஓரத்தில் 'பாரலலிசம்' என்று எழுதுவார். ஒரே வேலையைச் செய்யும் சொற்கள் ஒரே இலக்கண வடிவில் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் பாரலல் ஸ்ட்ரக்சர் என்று பெயர். மேலே உள்ள வாக்கியத்தில் முதலும் மூன்றும் 'இங்' ஈறு பெற்ற தொழிற்பெயர்கள். நடுவில் இருப்பதோ 'டு' சேர்ந்த வினை வடிவம்.

'பாரலல்' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'பாரா' என்றால் அருகில். 'அல்லேலோன்' என்றால் ஒன்றுக்கொன்று. இரண்டும் சேர்ந்து 'ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக' என்ற பொருள் தரும். வடிவியலில் ஒரே தளத்தில் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகளுக்கு இச்சொல் வழங்கியது. அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மொழிநடைக்கு இது பரவலாக ஒட்டிக்கொண்டதில் ராபர்ட் லவுத் என்பவருக்குப் பங்கு உண்டு. ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். எபிரேயக் கவிதை பற்றி அவர் ஆற்றிய லத்தீன் உரைகள் 1753இல் நூலாக வந்தன. அடுத்தடுத்த இரு வரிகள் ஒரே கருத்தை ஒரே வார்ப்பில் சொல்வதற்கு அவர் 'உறுப்புகளின் இணைநிலை' என்ற பொருள்படும் லத்தீன் தொடரைப் பயன்படுத்தினார். கவிதையில் அது அழகு. இன்றைய இலக்கண வகுப்பில் அதே சொல் ஒரு கட்டாயமாகவே ஆகிவிட்டது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? கணக்குப் பாடத்தில் தமிழ்நாட்டில் 'இணைகோடுகள்' என்கிறோம். இலங்கையில் 'சமாந்தரக் கோடுகள்' என்பார்கள். மின்சுற்றுக்கு வந்தால் தமிழ்நாட்டுப் பாடநூல் 'பக்க இணைப்பு' என்கிறது. ஆக, ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் துறைக்கொரு சொல் ஏற்கனவே இருக்கிறது. இலக்கணத்துக்கு 'இணை அமைப்பு' என்று எழுதுவோர் உண்டு, தவறில்லை. ஆனால் இரண்டு சிக்கல்கள். 'இணை' என்றதும் ஜோடி நினைவுக்கு வருகிறது, பட்டியலிலோ மூன்று நான்கு உறுப்புகள் இருக்கும். இன்னொன்று, சேர்த்து 'இணையமைப்பு' என்று அச்சிட்டால் கண் அதை இன்டர்நெட்டுடன் சேர்த்துப் படித்துவிடும். 'ஒத்த அமைப்பு' என்பதில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. அதனால் இங்கே அதையே கைக்கொள்ளலாம். 'நிரல்நிறை' என்று சிலர் மொழிபெயர்ப்பது பொருந்தாது. அது பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய பயனிலைகளை மற்றொரு வரிசையாகவும் நிறுத்திப் பொருள் கொள்ளும் முறை. வடிவம் ஒத்திருப்பதைப் பற்றியது அல்ல.

இனிச் சரிபார்க்கும் முறை. பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்குவது எளிது. 'அண்ட்' அல்லது 'ஆர்' எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்து நிற்கும் சொல்லின் வடிவத்தைக் குறித்துக்கொள்ளவும். இங்கே அது 'ரீடிங்'. பிறகு பின்னோக்கிப் போய், எல்லா உறுப்புக்கும் பொதுவாக நிற்கும் பகுதி எங்கே முடிகிறது என்று கோடு போடவும். இங்கே 'ஷி லைக்ஸ்' என்பதோடு பொதுப்பகுதி முடிகிறது. மிச்சம் இருப்பவை மூன்று உறுப்புகள்.

பல பயிற்சிப் புத்தகங்கள் அடுத்து ஒரே ஒரு சோதனையைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஒவ்வொரு உறுப்பையும் பொதுப்பகுதியோடு தனித்தனியே சேர்த்துப் படி, வாக்கியம் நின்றால் சரி என்பார்கள். இந்த வாக்கியத்திலேயே செய்து பாருங்கள். 'ஷி லைக்ஸ் சிங்கிங்' சரி. 'ஷி லைக்ஸ் டு டான்ஸ்' சரி. 'ஷி லைக்ஸ் ரீடிங்' சரி. மூன்றும் தேறிவிட்டன, வாக்கியம் மட்டும் தேறவில்லை! 'லைக்' என்ற வினை இரண்டு வடிவங்களையும் ஏற்கும் என்பதுதான் காரணம். 'லவ்', 'ஹேட்', 'ஸ்டார்ட்' போன்றவையும் இப்படித்தான். எனவே இந்தப் பொருத்தச் சோதனையோடு, உறுப்புகளைப் பொதுப்பகுதி இல்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அவற்றை மட்டும் ஒப்பிடும் வடிவச் சோதனையும் வேண்டும். சிங்கிங், டு டான்ஸ், ரீடிங் என்று செங்குத்தாக நிறுத்தினால் நடுவில் உள்ளது கண்ணை உறுத்தும்.

'லைக்ஸ்' இருந்த இடத்தில் 'என்ஜாய்ஸ்' வந்திருந்தால் கதை வேறு. 'என்ஜாய்' 'இங்' வடிவத்தை மட்டுமே ஏற்கும். 'ஷி என்ஜாய்ஸ் டு டான்ஸ்' என்பது தனியாகவே விழுந்துவிடும். 'வான்ட்', 'ஹோப்', 'டிசைட்' ஆகியவை நேர் எதிர், 'டு'வைத்தான் கேட்கும். ஆகவே திருத்தும்போது எந்த வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றுவது என்பதை முன்னால் உள்ள வினையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 'லைக்' இரண்டையும் ஏற்பதால் நமக்கு இரண்டு வழி: 'சிங்கிங், டான்சிங் அண்ட் ரீடிங்' அல்லது 'டு சிங், டு டான்ஸ் அண்ட் டு ரீட்'. இரண்டாம் வழியில் 'டு'வை முதல் உறுப்பில் மட்டும் வைத்து 'டு சிங், டான்ஸ் அண்ட் ரீட்' என்றும் எழுதலாம். முதலில் வைத்து, நடுவில் விட்டு, கடைசியில் மறுபடி வைக்கக் கூடாது.

ஈற்றை மட்டும் பார்த்து ஏமாறும் இடமும் உண்டு. 'தி ஜாப் இஸ் டைரிங், போரிங் அண்ட் டீச்சிங்' என்ற வாக்கியத்தில் மூன்றும் 'இங்' என்றே முடிகின்றன. ஆனால் முதல் இரண்டும் வேலை எப்படிப்பட்டது என்று சொல்லும் பெயரடைகள். மூன்றாவது அந்த வேலையின் பெயர். வால் ஒன்றாக இருந்தால் போதாது, வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறாக, நீளம் ஒத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'சிங்கிங், டான்சிங் வித் ஹெர் சிஸ்டர் அண்ட் ரீடிங் ஓல்டு மேகசின்ஸ்' என்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொரு உறுப்பின் தலைச்சொல் ஒத்திருக்கிறது, பின்னால் தொங்குவது எப்படியும் இருக்கலாம்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் வாக்கியம் வேறு: 'ஷி லைக்ஸ் சிங்கிங், டான்சிங் அண்ட் ரீட்ஸ் அட் நைட்.' இதைப் பார்த்தவுடன் 'ரீட்ஸ்' என்பதை 'ரீடிங்' ஆக்கிவிடக் கை துடிக்கும். அப்படிச் செய்தால் பொருள் மாறிவிடும். எழுதியவர் சொல்ல வந்தது, அவளுக்கு இரவில் படிக்கப் பிடிக்கும் என்பதா, அல்லது அவள் இரவில் படிக்கிறாள் என்பதா? இரண்டாவதுதான் என்றால் இங்கே மூன்று உறுப்புப் பட்டியலே கிடையாது. பிடித்தவை இரண்டு, பிறகு தனியாக ஒரு செயல். 'ஷி லைக்ஸ் சிங்கிங் அண்ட் டான்சிங், அண்ட் ரீட்ஸ் அட் நைட்' என்று இரண்டு 'அண்ட்' போட்டால் தீர்ந்தது. வடிவம் ஒத்துப்போகாதபோது, உறுப்புகளின் எண்ணிக்கையையே தப்பாகக் கொண்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதல்ல. 'அவளுக்குப் பாடுவதும் ஆடவும் வாசிப்பும் பிடிக்கும்' என்று எழுதிப் பார்த்தால் காது உடனே மறுக்கிறது. இத்தனைக்கும் 'பாடுவது பிடிக்கும்', 'ஆடப் பிடிக்கும்', 'வாசிப்பு பிடிக்கும்' மூன்றும் தனித்தனியே நல்ல தமிழ். 'லைக்' போலவே 'பிடிக்கும்' என்பதும் பெயரையும் ஏற்கும், 'ஆட', 'பாட' போன்ற வினையெச்சத்தையும் ஏற்கும். 'பாடுவதும் ஆடுவதும் வாசிப்பதும்' என்றோ 'பாடவும் ஆடவும் வாசிக்கவும்' என்றோ ஒரு பக்கம் சாய வேண்டும். எண்ணும்மை ஒவ்வொரு உறுப்பிலும் ஒட்டுவதால், ஒட்டும் இடத்திலேயே வடிவ வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது. 'மற்றும்' போட்டு எழுதும்போது இந்தக் காவல் போய்விடுகிறது. 'பாடுதல், ஆட மற்றும் வாசிப்பு' என்பது அச்சில் தப்பித்துக்கொள்ளும். 'மற்றும்' எழுதுகிறவர்கள் அதை நீக்கிவிட்டு எல்லா உறுப்பிலும் 'உம்' சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தால், பிசகு இருக்குமிடம் தெரிந்துவிடும்.

பொருத்தச் சோதனையின் தமிழ் வடிவம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்றும், அடுத்த நூற்பாவில் 'எண்ணுங் காலும் அதுஅதன் மரபே' என்றும் கிளவியாக்கம் கூறும். வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைத் தழுவிய பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடிக்கக் கூடாது, அப்பொருள்களை எண்ணிச் சொல்லும்போதும் அப்படியே என்பது கருத்து. 'காபியும் வடையும் குடித்தார்கள்' என்பதில் இரண்டும் பெயர்ச்சொல், இரண்டிலும் 'உம்' இருக்கிறது. வடிவச் சோதனையில் குறையே தெரியாது. ஆனால் வடையைக் குடிக்க முடியாது. 'சாப்பிட்டார்கள்' என்ற பொதுவினை வந்தால் இரண்டும் பொருந்தும். 'லைக்ஸ்' வாக்கியம் ஒரு சோதனையில் தேறி மற்றதில் விழுந்தது போல, இது எதிர்ப்பக்கமாக விழுகிறது.

அலுவலக அறிவிப்புகளில் இரண்டு பிசகும் ஒன்றாக வரும். இப்படி ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்: 'விண்ணப்பதாரர்கள் செய்ய வேண்டியவை: படிவத்தைப் பூர்த்தி செய்யவும், கட்டண ரசீதை இணைத்தல், சாதிச் சான்றிதழ் நகல்.' முதலாவது ஏவல், இரண்டாவது தொழிற்பெயர், மூன்றாவது வெறும் பொருட்பெயர். தலைப்பு 'செய்ய வேண்டியவை' என்று இருப்பதால் தொழிற்பெயர்களே பொருந்தும்: 'பூர்த்தி செய்தல்', 'இணைத்தல்'. மூன்றாவதை மாற்றப் போகும்போதுதான் அதில் வினையே இல்லை என்பது தெரிகிறது. நகலை இணைக்க வேண்டுமா, நேரில் கொண்டுவர வேண்டுமா, இணையதளத்தில் பதிவேற்ற வேண்டுமா? திருத்துபவர் ஊகித்து ஒன்றை எழுதிவிடக் கூடாது. எழுதியவரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். கேட்க ஆள் இல்லையென்றால் முதல் இரண்டை மட்டும் ஒத்த வடிவுக்குக் கொண்டுவந்து, மூன்றாவதன் எதிரே கேள்விக்குறி இட்டுத் திருப்பி அனுப்புவதே முறை.