டீச்சரைப் பார்க்க நேரம் கேட்டு எழுதும் ஐந்து வரி

திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் அப்பா அம்மா பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங் என்று ஆளுக்கொரு பிரிவு. காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். பள்ளி தொடங்குவதும் முடிவதும் அவர்கள் கம்பெனிக்குள் இருக்கும்போதே நடந்துவிடுகிறது.

அதனால் இவர்கள் டீச்சரைப் பார்க்க வரும் ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு மணி நேரம் போனால் அத்தனை பீஸ் போச்சு. ஷிப்ட் கணக்கில் இருப்பவருக்கு அரை ஷிப்டே பிடித்துவிடுவார்கள். அப்படி வருகிற அம்மா, நான் வேறு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்க வராந்தாவில் நிற்கிறார். நாற்பது பிள்ளைகளை விட்டு இரண்டு நிமிடம் வெளியே வந்து "பரவாயில்லீங்க, நல்லாப் படிக்கிறா, இன்னும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்கிறேன். அவருக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. இந்த வீண் அலைச்சலைத் தவிர்க்கத்தான் முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதி அனுப்பச் சொல்கிறேன்.

எனக்கு வரும் சீட்டுகளில் பாதி இப்படி இருக்கும்: "மேடம், உங்களிடம் பேச வேண்டும். எப்போது வரட்டும்?" மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய அம்மா என்று இல்லை, எதைப் பற்றி என்று இல்லை, அவருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்றும் இல்லை. நான் "வியாழன் காலை 11 மணி" என்று எழுதி அனுப்பினால் அவர் ஷிப்டில் இருப்பார். அவர் மறுபடி எழுத, நான் மறுபடி எழுத, ஒரு வாரம் ஓடிவிடும். இன்னொரு பாதி இரண்டு பக்கத்துக்கு நீளும். பழைய வருத்தம், பக்கத்து பெஞ்ச் பிள்ளை, போன வருட டீச்சர் எல்லாம் அதில் இருக்கும். படித்து முடித்த பிறகும் இப்போது என்ன பேச வேண்டும் என்று தெரியாது.

போன காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மா டைரியில் எழுதி அனுப்பியது எனக்குப் பிடித்திருந்தது. பெயரை எடுத்துவிட்டு, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறேன்.

"7 ஆ வகுப்பாசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் உங்கள் வகுப்பு மாணவி (பெயர்) அம்மா. காலாண்டுத் தேர்வில் கணக்கில் மார்க் மிகவும் குறைந்திருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் 10 நிமிடம் பேச வேண்டும். செவ்வாய் அல்லது புதன் மதியம் 12.50 மணிக்கு வர முடியும். அது முடியாது என்றால் வியாழன் காலை 8.50 மணிக்கு பர்மிஷன் போட்டு வருகிறேன். எந்த நாள் என்று இதிலேயே எழுதி அனுப்பினால் போதும். நன்றி."

இதில் எந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வகுப்பும் பிரிவும் பிள்ளை பெயரும் முதலிலேயே வந்துவிட்டன. ஒரே பெயரில் பள்ளியில் நான்கைந்து பேர் இருப்பார்கள், சீட்டு கைமாறிப் போனாலும் சரியான இடத்துக்கு வந்து சேரும். அடுத்து, "கணக்கு மார்க்" என்று ஒரே வரியில் விஷயம். எனக்கு மிகவும் உதவியது இந்த வரிதான். அதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையின் விடைத்தாளை எடுத்து வைத்துவிட்டேன். அது அறிவியல் மார்க்காக இருந்திருந்தால் அறிவியல் ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லி அவரையும் உட்கார வைத்திருப்பேன். விஷயம் தெரியாமல் உட்கார்ந்தால் பொதுவாக நாலு வார்த்தைதான் பேச முடியும்.

நேரம் கேட்ட விதம் இன்னும் நன்றாக இருந்தது. மூன்று வாய்ப்பு கொடுத்தார். மதியம் 12.50 என்பது யோசித்து எழுதியது. கம்பெனியிலும் அது சாப்பாட்டு நேரம், பள்ளியிலும் சாப்பாட்டு நேரம். இரண்டு இடத்து இடைவேளையும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிற அந்த அரை மணிக்குள் வந்து போனால் அவருக்குக் கூலி போகாது. எனக்கும் வகுப்பு கெடாது. ஆனால் அந்த நேரத்தில்தான் நானும் சாப்பிட வேண்டும், சத்துணவு வரிசையையும் பார்க்க வேண்டும். அதனால்தான் 10 நிமிடம் என்று அவர் எழுதியது எனக்கு முக்கியமாகப் பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் தைரியமாகச் சரி என்று சொல்லலாம். எவ்வளவு நேரம் பிடிக்குமோ என்று தெரியாத சந்திப்பைத்தான் ஆசிரியர்கள் தள்ளிப் போடுகிறோம்.

எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு பீரியட். அதில் ஒன்றோ இரண்டோ காலியாக இருக்கும். யாராவது லீவு என்றால் அதுவும் போய்விடும். திங்கள் காலை பிரேயரும் வாரத் தொடக்க வேலைகளுமாக இருக்கும், அன்று கேட்காதீர்கள். தேர்வு நடக்கும் வாரத்தில் கேட்காதீர்கள். விடைத்தாள் கொடுத்து முடித்த மறுவாரம் மிகவும் நல்லது. தாளும் கையில் இருக்கும், பிள்ளை என்ன தப்பு செய்தது என்பதும் எங்களுக்கு மறக்காமல் இருக்கும். சனிக்கிழமை பள்ளி வைத்தாலும் அன்று கம்பெனியில் சம்பள நாள், நீங்களே வர முடியாது.

மரியாதை பற்றி ஒரு வார்த்தை. சில சீட்டுகளில் "தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று இருக்கும். படிக்கவே மனசு கஷ்டப்படும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் அதில் ஒன்று. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் அது. ஆகவே கெஞ்ச வேண்டியதில்லை. சட்டத்தைச் சீட்டில் எழுதி மிரட்டவும் வேண்டியதில்லை. ஒரு வணக்கம், ஒரு நன்றி போதும். "டீச்சருங்களுக்கு வணக்கமுங்க" என்று பேசுகிற மாதிரியே எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும். எழுத்துப் பிழையை யாரும் பார்ப்பதில்லை. எழுதவே வராது என்றால் பெரிய பிள்ளையை விட்டு எழுதச் சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து அனுப்புங்கள்.

சீட்டைக் கொண்டு வருவது உங்கள் பிள்ளை. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அது வழியில் படிக்கும். "அம்மா வர்றாங்கன்னா என்னமோ பிராது" என்று பயந்து டைரியை எடுக்காமலே இருந்துவிடும். சீட்டு வந்து சேராததற்குப் பாதிக் காரணம் இதுதான். எழுதியதும் பிள்ளையிடமே படித்துக் காட்டிவிடுங்கள்: "உனக்குக் கணக்குல எது வரலைன்னு டீச்சர்கிட்ட கேக்கப் போறேன் கண்ணு, நாளைக்கு முதல் பீரியட்லயே குடுத்துரு." பிள்ளை படிக்கக் கூடாத விஷயமாக இருந்தால், அதாவது வீட்டில் பிரச்சினை, அப்பா அம்மா பிரிந்திருப்பது, பிள்ளையின் உடம்பு சம்பந்தப்பட்டது என்றால், காரணத்தை எழுதவே வேண்டாம். "வீட்டு விஷயம் ஒன்று, நேரில் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். அதை நாற்பது வீட்டில் படிப்பார்கள்.

நீங்கள் வராமல் அமுச்சியோ பெரியப்பாவோ வருவதாக இருந்தால் அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். "என்னால் வர முடியாது, பாப்பாவின் அமுச்சி வருவார், அவரிடம் எல்லாம் சொல்லலாம்" என்று இருந்தால் நான் மனம் விட்டுப் பேசுவேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

பதில் வரவில்லை என்றால் மூன்று பள்ளி நாள் பாருங்கள். பிறகு அதே பக்கத்தில் "செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன், பார்த்தீர்களா?" என்று ஒரு வரி. அதற்கும் பதில் இல்லை என்றால் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, வகுப்பாசிரியரைப் பார்க்க நேரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். எடுத்தவுடன் தலைமையாசிரியரிடம் போனால் அவர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். நான் பதில் சொல்லும் மனநிலையோடு உங்கள் முன்னால் உட்காருவேன். பிள்ளையின் கணக்கைப் பற்றிய பேச்சு அங்கே நடக்காது.

சில விஷயத்துக்கு இந்தச் சீட்டே கூடாது. பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது, யாரோ தொடக் கூடாத விதத்தில் தொட்டிருக்கிறார்கள், பள்ளிக்குப் போகவே நடுங்குகிறது என்றால் டைரியில் எழுதி மூன்று நாள் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு நேராகத் தலைமையாசிரியரிடம் வாருங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

அந்த அம்மா செவ்வாய் மதியம் சரியாக வந்துவிட்டார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு. விடைத்தாளை மேசையில் விரித்தேன். மார்க் போன இடமெல்லாம் ஒரே வகை. குறை எண்ணைக் கழிக்கும் இடத்தில் குறி மாற்றாமல் விட்டிருந்தாள். 5-லிருந்து -3-ஐக் கழி என்றால் 8 வர வேண்டும், அவள் 2 என்று போட்டிருந்தாள். மற்றக் கணக்கெல்லாம் வழி சரியாகத்தான் இருந்தது. "அப்ப எல்லாமே வரலைன்னு இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டார். இல்லீங்க, இந்த ஒன்றுதான் என்றேன். தினம் சாயங்காலம் இந்த வகையில் ஐந்து கணக்கு போட்டுக் காட்டச் சொல்வதாக அவர் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த நோட்டை நான் பார்ப்பதாகச் சொன்னேன். இரண்டையும் அங்கேயே டைரியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த தடவை நேரம் கேட்கும்போது "அன்று பேசிய கழித்தல் கணக்கு பற்றி" என்று எழுதினால் போதும், அந்தப் பக்கத்தைத் திருப்பி அங்கிருந்து தொடங்கிவிடலாம்.