ஒரு லிட்டர் என்றால் எதெல்லாம்? டயாலிசிஸ் நோயாளிக்கு எழுதும் உணவுக் குறிப்பு

சிறுநீரக நோயாளிகளுக்கான உணவுக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவதும், வார்டில் உட்கார்ந்து விளக்குவதும் என் வேலை. பெரும்பாலான தாள்களில் "திரவங்கள் ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மிகாமல்" என்று ஒரு வரி இருக்கும். அதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அது வேறு பொருளாகிவிடுகிறது.

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நீர் கோக்காத நிலையில் அவருடைய எடை 50 கிலோ. நான்கு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும்போதெல்லாம் மூன்றரை கிலோ ஏறியிருக்கும், கால் வீங்கியிருக்கும், படுத்தால் மூச்சு முட்டும். 50 கிலோ உடம்புக்கு இரண்டு கிலோவைத் தாண்டினாலே கவலைதான். ஒரே அமர்வில் அவ்வளவு நீரை எடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

"ஒரு லிட்டருக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை ஆத்தா" என்றார். உண்மைதான். லிட்டர் பாட்டிலில் அளந்துதான் குடித்திருக்கிறார். சரி, தண்ணீரைத் தவிர வேறென்ன என்று கேட்டு, வீட்டுத் தம்ளரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தோம். காலையும் மாலையும் காபி, 120 மில்லி வீதம் 240. கஞ்சி 250. மதியம் சோற்றில் ஊற்றியதும் கடைசியில் குடித்ததுமாக ரசம் 150. மோர் 200. ஆக 840 மில்லி. தண்ணீரோடு சேர்த்தால் 1,840.

அவருக்கு ஒரு நாளைக்குச் சிறுநீர் 400 மில்லிதான். வேர்வையிலும் மூச்சிலும் போகிற நீரிலிருந்து, சோறு காய்கறி வழியாக வருவதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 500. ஆக வெளியே போவது 900, தங்குவது 940. நான்கு நாளில் மூன்றே முக்கால் கிலோ! தராசு காட்டியதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

அதனால் இப்போது நாங்கள் எழுதும் வரி இப்படி இருக்கிறது: "தண்ணீர், காபி, டீ, பால், மோர், கஞ்சி, ரசம், இளகலான குழம்பு, மாத்திரை விழுங்கும் தண்ணீர், ஐஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1 லிட்டர்." நீளம்தான், இருக்கட்டும். அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். முந்தின நாள் சிறுநீர் அளவோடு ஏறக்குறைய அரை லிட்டர் சேர்ப்பது வழக்கமான கணக்கு. அவரவர் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, கையால் நிரப்புவது நல்லது.

அளப்பதற்கும் ஒரு வழி சொல்கிறோம். காலையில் லிட்டர் பாட்டிலை நிரப்பி வைக்க வேண்டும். காபி குடித்தால் அதே தம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் சமையலுக்கோ செடிக்கோ ஊற்றிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. "புரிஞ்சுதா ஆச்சி?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக்குக் காலையில எப்படி அளப்பீங்க, சொல்லுங்க" என்று கேட்டால்தான் எங்கே தடுமாற்றம் என்று தெரியும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்வது நோயாளியை வதைப்பது. உப்பு கூடினால் தாகம் எடுக்கத்தான் செய்யும். "சோடியம் 2 கிராம்" என்று எழுதினால் உப்பே 2 கிராம்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சுமார் 5 கிராம் உப்பு, தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அந்த அளவுக்குள் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் அடங்க வேண்டும். செட்டிநாட்டுச் சமையலறையில் வத்தல் இல்லாத நாள் குறைவு என்பதால் இவற்றைப் பேர் சொல்லியே எழுதுகிறேன். இந்துப்பும் உப்புதான்.

அப்புறம் பருப்பு. "ஒரு கப்" என்று தாளில் இருக்கும். வேகவைத்ததா, பச்சையா? எழுதியவர் நினைத்தது 30 கிராம் பச்சைப் பருப்பை வேகவைத்தால் வரும் கிண்ணத்தை. அதில் புரதம் சுமார் 7 கிராம். சமைப்பவர் கப் நிறையப் பச்சைப் பருப்பை அளந்தால் புரதம் 40 கிராம் வரை போய்விடும். "வேகவைக்கும் முன் 30 கிராம், ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி" என்று எழுதினால் சிக்கல் இல்லை.

புரதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வோம். தொடங்கியவருக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம். ஒருவரின் தாள் இன்னொருவர் கைக்குப் போனால் மாதக்கணக்கில் முட்டையும் மீனும் ஒதுக்கி, தசை கரைந்துபோய் வருகிறார்கள். கல் அடைப்புக்காரருக்கு "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று எழுதிய தாளும் அதே மேசையில்தான் கிடக்கிறது. எனவே எந்தத் தாளிலும் முதல் வரியாக, பெரிய எழுத்தில், "இது டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மட்டும்" என்றோ "டயாலிசிஸ் தொடங்காதவருக்கு" என்றோ போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதத் தொடங்குகிறோம்.