அந்த 32 கேபி உங்கள் டேட்டாவுக்கு இல்லை

தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலர் ஒன்று பழுது என்று என்னிடம் வந்தது. நாள் முழுக்க ஒழுங்காக ஓடும், தொட்டி நிரம்பி அலாரம் அடிக்கிற நேரத்தில் மட்டும் தானாக ரீசெட் ஆகும், சீரியல் மானிட்டரில் பாதி வாக்கியமும் பாதி குப்பையுமாக வரும். செய்தவர் பவர் சப்ளையை மாற்றி, ரிலேவுக்கு டயோடு போட்டு, வயரிங்கையும் புதிதாகச் செய்து பார்த்துவிட்டார். போர்டு ஆர்டுயினோ யூனோ. கம்பைல் ஆனதும் கீழே வரும் இந்த வரியைப் படித்தீர்களா என்று கேட்டேன்:

```
Global variables use 1708 bytes (83%) of dynamic memory, leaving 340 bytes for local variables. Maximum is 2048 bytes.
```

"32 கேபி இருக்கே சார், பாதிகூட நிரம்பலையே" என்றார். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

யூனோவில் இருக்கும் ATmega328P ஏவிஆர் வகைச் சிப்பில் புரோகிராம் ஓடப் பயன்படும் நினைவகம் இரண்டு. கட்டளைகளுக்கு 32 கேபி ஃப்ளாஷ், டேட்டாவுக்கு 2 கேபி ரேம், இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. இதைத்தான் ஹார்வர்டு அமைப்பு என்கிறோம். 1944-இல் வந்த ஹார்வர்டு மார்க் 1 இயந்திரம் கட்டளைகளைக் காகித நாடாவிலிருந்தும் எண்களைத் தனி கவுன்டர்களிலிருந்தும் எடுத்தது, பெயர் அங்கிருந்து வந்தது.

இப்போது இந்த வரியைப் பாருங்கள்:

```cpp
Serial.println("Tank level low, pump ON");
```

23 எழுத்து, முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தோடு 24 பைட். மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்க இது ஃப்ளாஷில்தான் கிடக்கிறது, ஆனால் சி மொழியின் சாதாரண பாயின்டர் ரேமை மட்டுமே பார்க்கும் என்பதால், போர்டு ஆன் ஆனதும் `main` தொடங்கும் முன்பே இப்படிப்பட்ட எல்லா வாசகங்களும் ரேமுக்கு நகல் எடுக்கப்படுகின்றன. அவருடைய புரோகிராமில் இப்படி 42 வாசகங்கள், சராசரியாக 24 பைட் என்றால் 1008 பைட் போய்விட்டது. மிச்சம் 340. அலாரம் ஃபங்ஷன் உள்ளே போனதும் செய்தி எழுத 256 பைட் பஃபர் ஒன்றை ஸ்டாக்கில் எடுக்கிறது, அப்புறம் இருப்பது 84 பைட்தான். அதற்குள் `snprintf`-உம் ஓர் இன்டரப்டும் சேர்ந்து வந்தால் ஸ்டாக் கீழே இறங்கி குளோபல் மாறிகளை மிதித்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, பவர் கோளாறு மாதிரியே தெரியும்.

`F("...")` என்று எழுதினால் வாசகம் ஃப்ளாஷிலேயே இருந்து, அச்சிடும்போது ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கப்படும். 42 இடத்திலும் மாற்றியதும் 1708 பைட் 700 ஆனது, ரீசெட் நின்றது.

சரி, இவ்வளவு தொல்லை தரும் அமைப்பை ஏன் வைத்திருக்கிறார்கள்? வேகத்துக்காக. ஒரு கட்டளை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கட்டளை வேறு பாதையில் வந்துவிடும், ஆகவே பெரும்பாலான கணக்குக் கட்டளைகள் ஒரே கிளாக்கில் முடிகின்றன. கட்டளை 16 பிட், டேட்டா 8 பிட் என்று அகலத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃப்ளாஷிலிருந்து டேட்டா படிக்கும் `LPM` கட்டளைக்கு 3 கிளாக் ஆகும், ஏனென்றால் அந்த நேரத்தில் கட்டளை வரவேண்டிய பாதையை டேட்டா பிடித்துக்கொள்கிறது. ஒரே நினைவகம் உள்ள வான் நாய்மன் அமைப்பில் இந்த நெரிசல் எப்போதுமே உண்டு, கட்டளையும் டேட்டாவும் ஒரே வாசலில் மாறி மாறித்தான் வரவேண்டும்.

அதற்குப் பதிலாகக் கிடைப்பது நெகிழ்வு. எம்எஸ்பி430 மாதிரி சிப்களில் ஒரே முகவரி வெளி, பெரிய அட்டவணையை ஃப்ளாஷில் வைத்துச் சாதாரண பாயின்டராலேயே படிக்கலாம், தேவைப்பட்டால் ரேமிலிருந்தே புரோகிராம் கோடை ஓட்டலாம். ஏவிஆரில் ரேமிலிருந்து கோடு ஓடவே ஓடாது. கணினிகள் புரோகிராமை டேட்டாவாக டிஸ்கிலிருந்து ஏற்றி, அதையே கட்டளையாக ஓட்டுவதால் அங்கே பொது நினைவகம்தான் சரி. வேகம் குறையாமல் இருக்க பிராசஸரை ஒட்டிய எல்1 கேஷை மட்டும் கட்டளைக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஃப்ளாஷிலேயே இருக்கட்டும் என்று `PROGMEM` போட்ட அட்டவணையை, ஃப்ளாஷிலிருந்து படித்துத் தரும் `pgm_read_byte` இல்லாமல் `table[i]` என்று படித்தால், ஒரே முகவரி வெளி உள்ள ஏஆர்எம் போர்டில் சரியான மதிப்பு வரும். அதே கோடை யூனோவில் ஏற்றினால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, ஆனால் அதே எண்ணுள்ள ரேம் முகவரியில் என்ன கிடக்கிறதோ அதைக் கொடுக்கும். இரண்டு நினைவகத்திலும் 0x0100 என்ற முகவரி உண்டு, இரண்டும் வேறு வேறு இடம். அட்டவணை மதிப்புகள் அர்த்தமில்லாமல் வந்தால் சென்சாரைக் கழற்றும் முன் முதல் நான்கு மதிப்புகளை சீரியலில் அச்சிட்டு, கோடில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.