ஃபாலோயரே இல்லாத வீடியோ யார் கண்ணில் படும்?

2016 வரை இன்ஸ்டாகிராமின் முகப்புப் பக்கத்தில் நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் போட்டது மட்டும், புதியது மேலே என்ற வரிசையில் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் புதுக் கணக்கு தொடங்கினால் உங்கள் பதிவைப் பார்க்க ஆளே இருக்காது, யாராவது பகிர்ந்தாலோ தேடி வந்தாலோதான் உண்டு. ரீல்ஸ், ஷார்ட்ஸ் வேறு மாதிரி. அங்கே ஃபாலோயர் இல்லாத வீடியோவையும் முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

யாருக்குக் காட்டுவது என்று எப்படி முடிவாகிறது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மிக்ஸி பழுது பார்க்கும் ஒருவர், தேய்ந்துபோன கப்ளரை மாற்றுவதை 40 விநாடி வீடியோவாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடியோவை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதால், படம், பேச்சு, எழுத்து ஆகியவற்றிலிருந்துதான் கணினி அது எதைப் பற்றியது என்று ஊகிக்க வேண்டும். அப்புறம் இதுபோன்ற வீடியோக்களை முன்பு கடைசிவரை பார்த்த சிலருக்கு, பேச்சுக்கு 200 பேருக்கு, காட்டிப் பார்க்கும். எத்தனை பேர் முதல் சில விநாடிகளிலேயே தள்ளிவிட்டார்கள், எத்தனை பேர் முழுக்கப் பார்த்தார்கள், எத்தனை பேர் நண்பருக்கு அனுப்பினார்கள் என்பதை வைத்து அடுத்த வட்டம் பெரிதாகும், அல்லது அங்கேயே நின்றுவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு, எல்லாரும் லைக் போடுங்க என்று கேட்பார்கள். பழைய முறையில் அது உதவும். இங்கே சித்தியும் அத்தை பையனும் லைக் போட்டுவிட்டு நாலாவது விநாடியில் வெளியேறினால், மிக்ஸி ரிப்பேரில் ஆர்வமே இல்லாதவர்களின் நடத்தையும் அந்த வீடியோவின் கணக்கில் சேர்கிறது, அதனால் இது யாருக்குப் பிடிக்கும் என்ற ஊகம் தெளிவாவதற்குப் பதில் கலங்கிப்போகிறது.

இன்னொரு சங்கடம், ஆரம்ப வட்டம் மிகச் சிறியது. 200 பேரில் சராசரியாக 10 பேர் ஷேர் செய்யக்கூடிய வீடியோவை ஒரு நாள் 7 பேரும் இன்னொரு நாள் 13 பேரும் ஷேர் செய்வது வெறும் தற்செயலாகவே நடக்கும். அதனால் ஒரே ஒரு வீடியோ படுத்துவிட்டது என்று கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வீண் வேலை. ஒரே பொருளில் பத்துப் பதினைந்து வீடியோ போட்டபிறகு இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, பார்த்தவர்களில் ஃபாலோயர் அல்லாதவர் எத்தனை சதவீதம், எந்த விநாடியில் கூட்டம் கலைகிறது என்று பாருங்கள். வெளியாட்களுக்குக் காட்டியும் மூன்றாவது விநாடியிலேயே பலர் போய்விட்டால் தொடக்கத்தை மாற்ற வேண்டும். கடைசிவரை பார்க்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை மட்டும் குறைவு என்றால் இன்னும் சில வீடியோ போட்டுப் பார்க்கலாம்.

சரி, ஒரு வீடியோ லட்சம் பேரைத் தொட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்ததற்கும் அதே கூட்டம் வரும் என்று நம்ப முடியாது, ஏனென்றால் அந்த லட்சம் பேருக்குப் பிடித்தது கப்ளர் மாற்றிய விதம். அடுத்து அவர் தன் பைக் பயணத்தைப் போட்டால், மறுபடியும் சிறிய வட்டத்திலிருந்துதான் தேர்வு தொடங்கும்.