லேம்ப் ஷேடின் கம்பி மேலே போகப் போக ஏன் மெலிகிறது?

ஒழுங்கில்லாத பலகோண அறைகள் நெருக்கியடித்து நிற்க, நடுவே மெல்லிய கம்பிகள் மட்டும் ஓடும் லேம்ப் ஷேடுகளை 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் விரும்பிச் செய்கிறார்கள். அந்த அமைப்புக்கு வோரோனாய் என்று பெயர். 1908-ல் இதை விரிவாக ஆராய்ந்த கணிதவியலாளர் ஜியார்ஜி வோரோனாயின் பெயர் அது. விதி எளிமையானது. ஒரு பரப்பின் மேல் சில புள்ளிகளைத் தூவுங்கள். அவற்றை விதைகள் என்போம். பரப்பின் ஒவ்வொரு இடமும் தனக்கு மிக அருகில் உள்ள விதைக்குச் சொந்தம். இரண்டு விதைகளுக்குச் சம தூரத்தில் இருக்கும் இடங்களே எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்குத் தடிமன் கொடுத்தால் கம்பி.

இதில் கோடு வரைவது எளிது. தடிமன் கொடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான வடிவங்கள் கெடுகின்றன.

ஒரு குறிப்பிட்ட ஷேடை எடுத்துக்கொள்வோம். உயரம் 200 மில்லிமீட்டர். ஆரம் அடியில் 60, நடுவில் 90, உச்சியில் 50. பலரும் செய்வது, தட்டையான செவ்வகத்தில் அறைகளையும் 3 மில்லிமீட்டர் கம்பிகளையும் வரைந்து, அந்தப் படத்தை அப்படியே பரப்பின் மேல் சுற்றுவது. பானையின் மேல் காகிதம் ஒட்டுவது போலத்தான்: கழுத்துப் பகுதியில் காகிதம் சுருங்கியே ஆக வேண்டும். நடுவில் சுற்றளவு 565 மில்லிமீட்டர், உச்சியில் 314. நடுவில் 3 மில்லிமீட்டராக இருக்கும் நிமிர்ந்த கம்பி உச்சியில் 1.7 ஆகிவிடும். கணினித் திரையில் இது அழகாகக்கூடத் தெரியும். பிரிண்ட் செய்யும்போது அந்த உச்சிக் கம்பிகள்தான், உருகிய பிளாஸ்டிக்கை விடும் நாசில் இடித்து ஆடி, முறிகின்றன. செவ்வகத்தின் இடது வலது ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் அறைகள் பாதியில் வெட்டுப்பட்டு, ஒரு நேர்கோட்டுத் தையலும் விழும்.

ஆகவே தடிமனை வளைந்த பரப்பின் மேலேயே, உண்மையான மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். தட்டைப் படத்தை விட்டுவிட்டு, முப்பரிமாண வெளியில் விதைகளுக்கான நேர்கோட்டுத் தூரத்தை நேரடியாகக் கணக்கிட்டால் போதும். தையல் பிரச்சினையும் அதோடு போய்விடும்; ஷேடைச் சுற்றி வந்தாலும் தூரம் தூரம்தான்.

இங்கே ஒரு பொதுவான பொறி இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து மிக அருகில் உள்ள முதல் விதைக்கான தூரத்தை d1 என்றும், அதற்கு அடுத்து அருகில் உள்ள இரண்டாம் விதைக்கானதை d2 என்றும் வைத்து, d2 − d1 ஒரு வரம்புக்குள் இருந்தால் கம்பி என்று எழுதுவார்கள். ஆனால் இந்த வித்தியாசம் எல்லைக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தைச் சரியாகச் சொல்வதில்லை. இரண்டு விதைகளுக்கும் நேர் நடுவில் வேகமாக ஏறும். கோட்டின் வழியே தள்ளிப் போகப் போக மெதுவாக ஏறும். அதனால் கம்பி நடுவில் ஒல்லியாகவும் முனைகளில் பருத்தும் வரும். எல்லைக்கோடு என்பது உண்மையில் இரண்டு விதைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு தளம். அந்தத் தளத்துக்கு உள்ள தூரம், தூரங்களின் வர்க்க வித்தியாசத்தை விதைகளுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். இது தோராயம் அல்ல, துல்லியமான விடை.

```python
import numpy as np
from scipy.spatial import cKDTree

e = 1.6                      # உயரவாக்கில் நீட்சி
S = np.array([1, 1, 1/e])
tree = cKDTree(seeds * S)    # seeds: விதைகளின் x, y, z, மில்லிமீட்டரில்

def gap(p):
    d, i = tree.query(p * S, k=6)
    g = (seeds[i[1:]] - seeds[i[0]]) * S**2
    n = np.linalg.norm(g, axis=1)
    return ((d[1:]**2 - d[0]**2) / (2 * n)).min()
```

`gap` 1.5-க்குக் குறைவாக இருக்கும் இடமெல்லாம் 3 மில்லிமீட்டர் அகலக் கம்பி. ஆறு விதைகளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: முனைகளுக்கு அருகில், மிக நெருங்கிய தளம் இரண்டாம் விதையுடையதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நிரலில் உள்ள `e` எதற்கு? பிரிண்டர் கீழிருந்து மேலாக லேயர் லேயராகக் கட்டுகிறது. 0.2 மில்லிமீட்டர் லேயரில், 45 டிகிரி சாய்ந்த கம்பி ஒவ்வொரு லேயருக்கும் 0.2 மட்டுமே பக்கவாட்டில் நகரும். 10 டிகிரிதான் ஏறுகிறது என்றால் 1.1 மில்லிமீட்டர் நகர வேண்டும். நாசில் போடும் கோட்டின் அகலமே 0.45 என்பதால் முனை அந்தரத்தில் தொங்கி, வளைந்து, அடியில் நூல் நூலாக வரும். முழுக்கக் கிடையாக இருந்தாலாவது இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு பாலம்போல ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். சற்றே சாய்ந்தவைதான் மோசம்.

சாதாரண வோரோனாயில் எல்லாத் திசைகளும் சமமாக வருவதால், மூன்றில் ஒரு பங்கு கம்பிகள் 30 டிகிரிக்குக் கீழ் இருக்கும். உயரத்தை 1.6-ஆல் வகுத்துத் தூரம் அளந்தால் அறைகள் நெட்டுவாக்கில் நீள்கின்றன. அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுமேல் என்று இறங்குகிறது. முற்றிலும் ஒழியாது. மிச்சமிருப்பவற்றை, வடிவத்தை லேயர்களாக வெட்டித் தரும் ஸ்லைசர் மென்பொருளின் முன்னோட்டத்தில் தேடி, பக்கத்து விதையைக் கொஞ்சம் நகர்த்துவதே வழி. நீட்சியால் தடிமன் மாறாதபடி `S**2` பார்த்துக்கொள்கிறது.

இப்போது எத்தனை விதைகள்? இந்த ஷேடின் பரப்பு சுமார் ஒரு லட்சம் சதுர மில்லிமீட்டர். 120 விதைகள் போட்டால் ஓர் அறை சராசரியாக 25 அகலம், 39 உயரம். கம்பிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ ஆறரை மீட்டர். 3 மில்லிமீட்டர் அகலத்தில் அவை பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை மறைக்கும், மீதி வழியே வெளிச்சம் வரும். விதைகளைப் பரப்பளவுக்கு ஏற்பத் தூவ வேண்டும், உயரத்துக்கு ஏற்ப அல்ல. இல்லாவிட்டால் உச்சியில் அறைகள் நெரிசலாகும். தூவிய பிறகு ஒவ்வொரு விதையையும் அதன் அறையின் மையத்துக்கு நகர்த்தி, திரும்பப் பரப்பின் மேல் வைத்து, இதைப் பத்துமுறை செய்தால் அறைகள் ஓரளவு சம அளவாகும். லாயிட் முறை என்பது இதுதான். செய்யாவிட்டால் கம்பியைவிடச் சிறிய அறைகள் அடைபட்டு வெறும் கட்டிகளாக நிற்கும். அதிகமாகச் செய்தால் தேனடை ஆகிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

அப்புறம் இன்னொரு தடிமன் இருக்கிறது: உள்ளிருந்து வெளியே, சுவரின் கனம். பலரும் கவனிக்காதது இது. ஷேடைக் கிடையாக வெட்டிப் பாருங்கள். நடுவில் இருபது இருபத்தைந்து சின்னத் தீவுகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு கம்பியின் வெட்டு. கம்பி சாய்ந்திருந்தால் தீவு பக்கவாட்டில் நீளும். ஆனால் உள்ளிருந்து வெளியே உள்ள அளவு சாய்வால் மாறாது. எல்லாத் தீவுகளுக்கும் பொதுவான அளவு அது ஒன்றுதான் என்பதால், நாசிலுக்குப் பொருத்த வேண்டியதும் அதைத்தான். 0.4 நாசில் 0.45 அகலத்தில் கோடு போடுகிறது. கோட்டின் ஓரம் உருண்டை என்பதால் பக்கத்துக் கோடு சற்று ஏறி உட்காரும். ஆகவே இரண்டு கோடுகள் 0.86, நான்கு 1.67, ஆறு 2.49. நான் ஆறு கோட்டை எடுத்து 2.5 வைப்பேன். 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் நான்கு கோடு போக நடுவில் மெல்லிய இடைவெளி மிஞ்சும். அதை நிரப்ப நாசில் ஒவ்வொரு தீவிலும் துடிக்கும். அடியிலும் உச்சியிலும் சுவரே சாய்ந்திருப்பதால் வெட்டில் 2.5 என்பது 3 வரை போகும். அங்கே கோட்டின் அகலத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய ஸ்லைசர்கள் சமாளித்துவிடுகின்றன.

கடைசியில், பரப்பிலிருந்து உள்ள தூரம் 1.25-க்குள், `gap` 1.5-க்குள் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அரை மில்லிமீட்டர் கட்டங்களில் சோதித்து, மார்ச்சிங் க்யூப்ஸ் என்ற முறையால் வலையாக்கினால் ஓட்டையில்லாத ஒரே உடல் கிடைக்கும். அடியிலும் உச்சியிலும் 4 மில்லிமீட்டர் முழு வளையம் சேருங்கள். அடிவளையம் இல்லாவிட்டால் முதல் லேயரில் தனித்தனித் தீவுகள் படுக்கையை விட்டுப் பெயரும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்தால் எடை 60 கிராமுக்குச் சற்றுமேல் வரும். அது 60 டிகிரி வெப்பத்தை நெருங்கினாலே இளகும் என்பதால், உள்ளே எல்இடி பல்பு மட்டும்தான்.