மொய்ரே: இரைச்சல் அல்ல, நெளிவரி

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பின் பாடத்தாள் கைக்கு வந்தது. திரையைக் கேமராவில் படம் எடுத்து, அதிலுள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கிக் கையேட்டில் போடுவது எப்படி என்பது பாடம். மூன்றாவது படியில் இப்படி இருந்தது: "முதலில் திரை இரைச்சலை நீக்கவும்." சுற்றிலும் சத்தமே இல்லாத ஒரு படத்தில் என்ன இரைச்சல் என்று பார்த்தால், அவர்கள் சொன்னது மொய்ரே. திரையைப் படம் பிடித்தால் வானவில் போலப் பச்சையும் செந்நீலமுமாக ஓடுமே, அந்தக் கோடுகள்.

இந்த மொழிபெயர்ப்பை நான் கேட்பது ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ. அதனால் எழுதிவிடுகிறேன்.

சொல்லின் கதை சுருக்கமானது. அரபியில் முகய்யர் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டது. நல்ல ஆட்டுமயிரில் நெய்த துணிக்கு அந்தப் பெயர் வந்தது. அது ஆங்கிலத்தில் மோஹேர் ஆனது, பிரெஞ்சில் மொவார் ஆனது. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் பட்டுத்துணியை இரண்டாக மடித்து, கனமான உருளைகளுக்கு இடையே வைத்து அழுத்தினார்கள். மேல்மடிப்பின் இழைவரிசையும் கீழ்மடிப்பின் இழைவரிசையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. ஒன்றையொன்று நசுக்கிய இடம் பளபளக்கும், மற்ற இடம் மங்கும். துணி முழுக்க நீர் ஓடிய தடம் போல ஒரு கோலம் எழும். அந்தக் கோலமுள்ள பட்டு மொய்ரே. 1874-இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு இதே விஷயத்தைக் கண்ணாடியில் கீறிய நுண்கோடுகளில் எடுத்துக்கொண்டார். இரண்டு கீற்றணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தோன்றும் வரிகளைக் கொண்டு, கோடுகள் சீராகக் கீறப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்கலாம் என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கருவியாகப் பயன்படும் அளவுக்கு ஒழுங்கான ஒன்றைத்தான் நம்மவர்கள் இரைச்சல் என்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். கொசுவலையை இரண்டாக மடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு மடிப்பைச் சற்றே நகர்த்துங்கள். வலையில் இல்லாத பெரிய பெரிய வரிகள் நெளிந்து ஓடும். திரையைப் படம் எடுக்கும்போது ஒரு வலை திரையின் பிக்சல்கள், இன்னொரு வலை கேமரா சென்சாரின் பிக்சல்கள்.

இனி இரைச்சலுக்கு வருவோம். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழுகின்றனவே, அதற்கு இரைச்சல் என்று வைத்தார்கள். அதுவும் noise என்ற ஆங்கிலச் சொல்லின் நேரடிப் பெயர்ப்புதான். ஆனாலும் நிலைத்துவிட்டது, போகட்டும். அதன் இயல்பு என்ன? எந்தப் புள்ளி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அடுத்த பிக்சலுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அதனால்தான் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்குகிறது. மொய்ரே நேர் எதிர். எத்தனை வரி வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று படம் எடுக்கும் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

நான் கையாண்ட ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பட்டறை இயந்திரத்தின் கட்டுப்பாட்டுத் திரை. குறுக்கே 1920 பிக்சல். திரையை அப்படியே கோப்பாகச் சேமிக்கும் வசதி அதில் இல்லை, போனில்தான் எடுக்க வேண்டும். போன் படத்தின் அகலம் 4000 பிக்சல், திரை அதை முழுதாக நிரப்பியிருந்தது. சென்சாரில் எல்லாப் பிக்சலும் எல்லா நிறத்தையும் பார்ப்பதில்லை. சிவப்பைப் பார்ப்பவை ஒன்றுவிட்டு ஒன்றுதான், ஆகக் குறுக்கே 2000. நீலமும் அப்படியே. திரையில் 1920 சிவப்புப் புள்ளிகள், அவற்றைப் பிடிக்க 2000 சிவப்புக் கண்கள். வித்தியாசம் 80. ஆக 80 வரிகள், ஒவ்வொன்றும் 4000-ஐ 80-ஆல் வகுத்தால் 50 பிக்சல் அகலம். படத்தைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய அதுவேதான். திரையில் சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளித் தள்ளி இருப்பதால், அவற்றின் வரிகளும் தள்ளித் தள்ளி விழுகின்றன. வானவில் நிறம் அங்கிருந்து வருகிறது.

இந்தப் படத்தில் ஓர் எழுத்தின் உயரம் 20 பிக்சல்தான். வரியோ 50 பிக்சல். இரைச்சல் என்ற சொல்லை நம்பி இரைச்சல் குறைக்கும் சறுக்கியைப் பிடித்து இழுப்பவருக்கு என்ன ஆகும்? அது சின்னச் சின்ன விஷயங்களைத்தான் தேய்க்கும். முதலில் எழுத்து தேயும். வரி அப்படியே நிற்கும். இன்னும் இழுத்தால் எழுத்தே போய்விடும், வரி வழவழப்பாக, முன்னைவிட அழகாகத் தெரியும். பாடத்தாளின் அடுத்த பக்கத்தில் மாதிரிப் படம் போட்டிருந்தார்கள். அதில் இதுவேதான் நடந்திருந்தது. தவறு செய்தவர் வேலை தெரியாமல் செய்யவில்லை, சொல் காட்டிய மெனுவுக்குப் போனார்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இயந்திரம் பக்கத்தில் இருந்தால் மறுபடி எடுங்கள். திரையை இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு படங்களாக எடுத்தால் 960 புள்ளிக்கு 2000 கண்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு கண்ணுக்குமேல் கிடைத்துவிட்டால் இந்த வரி பெரும்பாலும் எழாது. பிறகு இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம்.

மறுபடி எடுக்க வழியில்லை என்றால், முதலில் படத்தை 100 சதவீத அளவில் பாருங்கள். சுருக்கிப் பார்க்கும்போது மட்டும் தெரிந்து, 100-இல் மறைகிற வரி கோப்பில் இல்லை, உங்கள் கணினித் திரை உண்டாக்கியது. அதை நீக்கப் போய் நல்ல படத்தைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். 100-இலும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் அடுக்கை நகலெடுத்து, நகலுக்கு `Gaussian Blur` கொடுங்கள். அளவு, வரியின் அகலத்தில் பாதி, இங்கே 25. பிறகு அந்த அடுக்கின் முறையை `LCh Color` என்று மாற்றுங்கள். நிறம் மட்டும் மங்கிய நகலிலிருந்து வரும், வெளிச்சமும் எழுத்தின் கூர்மையும் அடியிலுள்ள மூலத்திலிருந்து வரும். வானவில் போய்விடும். சிவப்பு எச்சரிக்கைப் பட்டை போல உண்மையிலேயே நிறமுள்ள இடங்களில் நிறம் வெளியே கசியும், அங்கே மட்டும் முகமூடி போட்டு மறைத்துவிடுங்கள்.

மிஞ்சுவது வெளிர் சாம்பல் நிழலாக ஓடும் வரி. இதற்கு இமேஜ்ஜே என்ற இன்னொரு மென்பொருள். ஜிம்ப்பில் `Decompose` மூலம் `LAB` ஆகப் பிரித்து, வெளிச்ச அடுக்கை மட்டும் அதில் திறந்து `Process > FFT > FFT` கொடுத்தால், எது எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டும் வரைபடமாக, படம் ஒரு நட்சத்திர வானம் போல ஆகும். எழுத்துகள் அந்த வானம் முழுக்கப் பரவிக் கிடக்கும். இரைச்சல் இருந்தால் அதுவும் அப்படியே பரவியிருக்கும். ஆனால் மொய்ரே, நடுப்புள்ளிக்கு இருபுறமும் எதிரெதிராக, சில பளிச்சென்ற பொட்டுகளாக ஒதுங்கி நிற்கும். என் படத்தில் நடுவிலிருந்து சுமார் 82 பிக்சல் தள்ளி. அந்தப் பொட்டுகளைக் கறுப்பால் மூடி `Inverse FFT` கொடுத்தால் வரி இல்லை, எழுத்து இருக்கிறது. பொட்டைவிடப் பெரிதாக மூடினால் எழுத்தைச் சுற்றி நிழல் எதிரொலிக்கும். அட்டவணையின் சம இடைவெளிக் கோடுகளும் பொட்டாகத்தான் தெரியும், அவற்றைத் தொடக் கூடாது. இரைச்சலும் மொய்ரேயும் ஒன்றில்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையா?

இதெல்லாம் படத்தை நேராக்குவதற்கு முன்பு. சாய்வைத் திருத்தினால் வரிகளும் சேர்ந்து இழுபட்டு, பொட்டுகள் கோடாகக் கலைந்துவிடும். சொற்களை மாற்றுவதற்கும் முன்பு. ஏனென்றால் `Alarm` இருந்த இடத்தில் 'அபாய அறிவிப்பு' என்று எழுத, பழைய எழுத்தை அழித்துப் பின்னணியை நிரப்ப வேண்டும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் நிரப்பும் இடமும் பெரிது. வரியோடு நிரப்பினால் ஒட்டுப்போட்ட இடத்தில் வரிகள் ஒன்றுக்கொன்று சேராது, கிழிந்த துணியில் கட்டம் மாற்றித் தைத்தது போல இருக்கும். கையேட்டில் இப்படிப் போடும் படத்துக்குக் கீழே, இயந்திரத்தில் இருப்பது ஆங்கிலம்தான் என்று ஒரு வரி போட்டுவிடுவது என் வழக்கம்.

தமிழில் என்ன சொல்வது? 'குறுக்கீட்டுக் கோலம்' என்பாரும் உண்டு. குறுக்கீட்டு விளைவு என்பது பள்ளி இயற்பியலில் ஒளியலைகள் கூடிக் கழியும் நிகழ்வுக்கு, சோப்புக் குமிழியின் நிறத்துக்கு, ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கொசுவலையில் ஒளியலை எதுவும் குறுக்கிடவில்லை. 'நீரலைக்கோலம்' மூலத்துக்கு நெருக்கம், அழகும்கூட. ஆனால் நீரலைக்கோல நீக்கம் என்று ஒரு பொத்தானில் எழுதிப் பாருங்கள். 'மொய்ரே' என்றே எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாணவர்கள் மோர் என்று படிக்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

நான் 'நெளிவரி' என்கிறேன். நெளிக்கோலம், நெளி மோதிரம் என்று நெளி நம் வீட்டில் புழங்கும் சொல். வரி, புலியின் மேலும் வரிக்குதிரையின் மேலும் இருக்கிறது. ஒரு குறையும் உண்டு. எழுத்தின் வரியும் வரிதான், அரசுக்குக் கட்டுவதும் வரிதான். அதனால் 'வரி நீக்கம்' என்று சுருக்கிவிடாமல் எப்போதும் முழுதாக எழுத வேண்டும். கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்தால் வரி நெளியாமல் நேராகவும் வரும், அப்போதும் நெளிவரிதானா என்று கேட்பார்கள். ஆமாம். கேமராவை ஒரு விரல் அகலம் சாய்த்துப் பாருங்கள், நெளியும்.

நம் கலைச்சொல் ஆக்குபவர்களிடம் எனக்குள்ள கோபம் தூய்மை பற்றியதல்ல. மொய்ரேயை இரைச்சல் என்றவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். பட்டியலில் படத்தின் குறை என்ற தலைப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சொற்களுக்கு ஒரே தமிழை வைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பார்.

பாடத்தாள் தயாரித்த நண்பரிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "நல்லா இருக்குங்க சார், மாத்திடுறேன்" என்றார். போன வாரம் புதிய பதிப்பு வந்தது. மூன்றாவது படியில் இப்போது "நெளிவரியை நீக்கவும்" என்றிருக்கிறது. அதற்குக் கீழே, பழையபடி, `Noise Reduction` சறுக்கியை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி.